கொடுத்தார், கெடுத்தார்



ஊரில் பலருக்கும் படிப்பித்து மௌத்தான ஓர் ஆசிரியரின் கொப்பி இப்போது எங்கள் கையில் இருக்கிறது. 1978 நவம்பர் 23 இல் கிழக்கில் அடித்த சூறாவளியைப் பற்றி அவர் தன் கைப்பட எழுதி வைத்தது. யாருடைய கூரை போனது, யார் வீட்டில் எத்தனை குடும்பம் தங்கியது, யார் என்ன கொடுத்தார்கள், எல்லாம் அதில் உண்டு. பாடசாலை மலரில் போடலாம் என்று நினைத்தோம். இருந்து தட்டெழுதப் பஞ்சிப்பட்டு, பக்கங்களைப் போனில் படம் எடுத்து ஓசிஆர் செயலியில் போட்டோம். படத்தில் உள்ள எழுத்தை வாசித்துத் தட்டெழுத்தாக்கித் தரும் செயலி அது.

வந்ததைப் பார்த்தால் வானொலி அலைவரிசை பிடிபடாமல் இரைவது போல இருந்தது. "கெரடுததரர" என்று ஒரு சொல். பிள்ளைகள் சிரித்தார்கள்.

கொப்பியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அது "கொடுத்தார்". செயலி கண்டபடி உளறவில்லை. இரண்டே வகைப் பிழைதான். ஒன்று, அரவை 'ர' என்று வாசித்திருக்கிறது. கையெழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சின்ன வால் மட்டும்தான். ஓலைச்சுவடிகளில் அந்த வித்தியாசமும் இருக்கவில்லை, சொல்லின் போக்கைப் பார்த்தே வாசித்தார்கள். மற்றது, த், ர் இரண்டிலும் குற்று இல்லை.

குற்று எங்கே போனது? பேனை வைக்கும் குற்று கிட்டத்தட்ட அரை மில்லிமீற்றர். ஒழுங்காக 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் அது ஆறு பிக்சல் அகலம் வரும். நாங்கள் எடுத்த படமோ வாட்ஸ்அப்பில் கைமாறி வந்தது. ஏ4 அளவுப் பக்கம் நீளவாக்கில் 1600 பிக்சலாகச் சுருங்கினால் குற்றுக்கு மிஞ்சுவது மூன்று பிக்சல்கூட இல்லை. பழைய தாளில் உள்ள தூசியும் மைத்துளியும் அதே அளவுதான். வாசிக்கத் தொடங்க முன்னர் படத்தில் உள்ள சின்னச் சின்னக் கறைகளைச் செயலி துடைக்கிறது. அதோடு குற்றும் போய்விடுகிறது. சில இடங்களில் கறை தப்பி நின்று, குற்றில்லாத எழுத்துக்குக் குற்று வைத்துவிடுகிறது.

இன்னொன்றும் கவனித்தோம். ஒரு பக்கத்தை எழுத்தெழுத்தாக எண்ணிப் பார்த்தால் ஐந்தில் நான்கு சரியாகத்தான் இருந்தன. பிறகேன் முழுப் பக்கமும் இரைச்சலாகத் தெரிகிறது? தமிழ்ச் சொல் நீளமானது. "வீடுகளிலிருந்து" எட்டு எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் சரியாக வர 100 இல் 80 வாய்ப்பு என்றால், எட்டும் சேர்ந்து சரியாக வர 100 இல் 17 தான். அதாவது அப்படியான ஆறு சொல்லில் ஒன்றுதான் தப்பும். எழுத்துக்கு 95 வீதம் சரி என்றாலும் மூன்றில் ஒரு சொல் உடைந்துவிடும். கணித பாடத்தில் பிள்ளைகளுக்கு இதைத்தான் இந்தத் தவணை நிகழ்தகவுக்கு உதாரணமாகக் கொடுத்தோம்.

இவ்வளவும் பெரிய பிரச்சினை இல்லை. உடைந்த சொல் தன்னைத்தானே காட்டிக் கொடுக்கும், பார்த்துத் திருத்தலாம். எங்களை நடுங்க வைத்தது வேறொரு வரி. திருத்தி முடிந்ததென்று நினைத்த பிரதியை ஆசிரியரின் மூத்த மகளுக்கு வாசித்துக் காட்டப் போனோம். வயதானவர், கண் தெரியாது. "மூன்று மூடை அரிசி கெடுத்தார்" என்று வாசித்ததும் கையைப் பிடித்தார். "சேர், வாப்பா அப்படி எழுதமாட்டார். அவங்கட அரிசியைத்தானே அண்டு நாங்க சாப்பிட்ட."

கொப்பியை எடுத்துப் பார்த்தோம். "கொடுத்தார்" என்றுதான் இருந்தது. கொம்பும் 'க'வும் தெளிவு. அரவு மட்டும் மை மங்கி, கொப்பியின் சிவப்பு ஓரக்கோட்டில் ஒட்டிக் கிடந்தது. செயலி அதைக் கோடென்று விட்டுவிட்டது. "கெடுத்தார்" நல்ல தமிழ்ச் சொல். எந்த எழுத்துப்பிழை திருத்தியும் அதில் சிவப்புக் கோடு போடாது. நாங்களும் மூன்று தடவை வாசித்துத் தாண்டிப் போயிருந்தோம். அந்த மனிதரின் பேரப்பிள்ளைகள் இன்றும் இதே ஊரில் இருக்கிறார்கள். மலர் அச்சுக்குப் போயிருந்தால் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது?

இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் 300 டிபிஐயில் புதிதாக ஸ்கேன் செய்கிறோம். ஒருவர் கொப்பியைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க, மற்றவர் பிரதியில் விரல் வைத்துப் பார்க்கிறார். கொம்பு வரும் சொல்லைச் சரியாகத் தெரிந்தாலும் விடுவதில்லை, அரவு உண்டா என்று மூலத்தில் தேடுகிறோம். 42 பக்கத்தில் 19 முடிந்திருக்கிறது. 23 ஆம் பக்கத்தில் ஒரு பெயர் மட்டும் எங்களுக்குப் பிடிபடவில்லை, படத்தைக் கீழே போட்டிருக்கிறோம். அந்தக் காலத்தில் கடற்கரைப் பக்கம் இருந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.