முகக்கவசத்துக்குக் கீழே

கோட்டையூர் வீடுகளில் இறந்தவர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். 2021 மே ஊரடங்குக்குப் பிறகு எங்கள் ஸ்டுடியோவுக்கு அப்படி வந்த படங்களில் பல, மாஸ்க் போட்டபடி எடுத்தவை. “ஆத்தா கண்ணு இந்தப் படத்துலதான் தம்பி உசுரோட இருக்கு. மாஸ்க்கை மட்டும் எடுத்துருங்க” என்பார்கள். துணிக்குக் கீழே படத்தில் எதுவுமே இல்லை. அதே ஆளின் வாயை வேறு படத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

ஒரு ஆச்சியின் வாய்க்கு இரண்டு படங்கள் கொடுத்தார்கள். பேத்தி எடுத்த செல்ஃபி தெளிவாக இருந்தது. ஆனால் கையெட்டும் தூரத்தில் எடுத்ததால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒளிந்திருந்தன. பழைய சாந்திக் கல்யாணக் குரூப் போட்டோவில் தலை சின்னது, கொஞ்சம் மங்கல். இருந்தும் தலை திரும்பிய பக்கமும் வெளிச்சம் வந்த பக்கமும் மாஸ்க் படத்தோடு ஒத்துப்போயின. அதைத்தான் எடுத்தேன்.

மாஸ்க் படத்தில் கருவிழிக்குக் கருவிழி 240 பிக்ஸல், பழையதில் 160. ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, பாதி தெரியும்படி மேலே வைத்துக் கண்களைப் பொருத்தினேன். அதோடு விட்டுவிடக்கூடாது, காது தலையோடு ஒட்டும் இடமும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் இரண்டும் வேறு வேறு தூரத்தில் எடுத்தவை என்று அர்த்தம். காது மடலை மட்டும் நம்பக்கூடாது, மாஸ்க் கயிறு அதை முன்னால் இழுத்திருக்கும். அதை Liquify வைத்துப் பின்னுக்குத் தள்ளியாக வேண்டும்.

பெரிதாக்கிய வாயில் தோலின் துளைகள் இருக்காது. உருவத்துக்குப் பழைய படம், தோலுக்கு மாஸ்க்குக்கு மேலே தெரியும் அவர் கன்னமே. நெற்றித் தோலை எடுத்தால் படுக்கைக் கோடுகள் தாடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீல மாஸ்க்கின் சாயல் கண்ணுக்குக் கீழே ஒட்டியிருக்கும், அதை Curves-இல் எடுக்காவிட்டால் முகம் நடுவில் இரண்டாகத் தெரியும். மூக்கடி, கீழுதட்டடி, தாடையடி ஆகிய மூன்று நிழல்களும் ஒரே பக்கம் சாய வேண்டும்.

கடினமானது வயது. சாந்தியின்போது ஆச்சிக்குப் பல் இருந்தது, கடைசியில் இல்லை. பல் போனால் மூக்கடிக்கும் மோவாய்க்கும் இடையில் உயரம் குறையும், உதடு உள்ளே போகும், வாயோரம் கீழிறங்கும். பழைய தாடையை அப்படியே வைத்ததில் முகம் நீண்டு வேறு யாரோ போலிருந்தது. மோவாயை மேலே ஏற்றி, மேலுதட்டை மெல்லிதாக்கினேன். கண் சிரித்த படம் என்பதால் கன்னம் உயர்ந்து, வாயோரக் கோடு ஆழமாக இருக்க வேண்டும். வாயை மூடிய சிரிப்பாக வைத்துக்கொண்டேன்.

படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் கோணல் உடனே தெரிந்துவிடும். அதற்கப்புறம்தான் ஆச்சியின் மகனைக் கூப்பிட்டேன். “ஆத்தாவுக்கு ஒரு பக்கம் உதடு கொஞ்சம் தூக்கும்ணே” என்றார். எந்தப் பக்கம் என்று செல்ஃபியைக் கேட்டோம். சில போன்கள் செல்ஃபியை இடவலம் மாற்றிச் சேமிக்கும் என்பதால், மூக்குத்தி இருந்த பக்கத்தை வைத்துச் சரிபார்த்துவிட்டு, இடது ஓரத்தை இரண்டு பிக்ஸல் உயர்த்தினேன்.