முதல் விடையும் மறுவிடையும்

தேர்வுக்குச் செல்லும் பிள்ளைகளிடம், “முதலில் தோன்றியதே சரியாக இருக்கும், மாற்றி விடாதே” என்று சொல்லியனுப்புவது நம் வீடுகளில் வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். சூலூரில் என் தங்கை மகன் குரூப் நான்கு தேர்வுக்காக வீட்டில் மாதிரித்தாள் எழுதிப் பார்த்த நாளில், அந்த அறிவுரை பாதிதான் உண்மை என்று கண்டேன்.

முந்தைய தேர்வில் ஒரேயொரு வினாவில் வாய்ப்பிழந்தவன் அவன். அன்று விடைகளைச் சரிபார்த்ததும், “பார்த்தீர்களா மாமா, மாற்றியதால் கெட்டேன்!” என்றான். வைகை அணை எந்த மாவட்டத்தில் உள்ளது என்பது வினா. தேனி என்று முதலில் தேர்ந்தவன், பிறகு மதுரை என்று மாற்றியிருந்தான். காரணம் கேட்டேன். “தொடர்ந்து நான்கு முறை மூன்றாம் வட்டமே வந்தது, ஐயமாகிவிட்டது” என்றான்.

தாளைப் புரட்டினேன். பொருந்தாத இணை எது என்ற வினாவில், ‘சீறாப்புராணம் – உமறுப்புலவர்’ என்பதை முதலில் தேர்ந்திருந்தான். ‘பொருந்தாத’ என்ற சொல் கண்ணில் படவில்லை. மீண்டும் படித்தபோது ‘கலிங்கத்துப்பரணி – கம்பர்’ என்பதே தவறான இணையென்று கண்டு மாற்றியிருக்கிறான். அந்நூல் செயங்கொண்டாருடையதல்லவா? மாற்றியதால் பெற்ற இந்த ஒன்றரை மதிப்பெண் அவன் நினைவில் நிற்கவேயில்லை. இழந்தது மட்டும் நின்றது.

மனித மனத்தின் இயல்பு அது. அமெரிக்காவில் ஜஸ்டின் க்ரூகர் என்னும் உளவியலாரும் அவர் துணைவர்களும் 1,561 மாணவர்களின் தேர்வுத்தாள்களில் அழித்தெழுதிய தடங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். மாற்றங்களில் 51 விழுக்காடு தவறிலிருந்து சரிக்குச் சென்றவை. 25 விழுக்காடே சரியிலிருந்து தவறுக்குச் சென்றவை. கையிலிருந்ததை நாமே எறிந்துவிட்டோம் என்ற வருத்தம் ஆழமாகப் பதிவதால், மாற்றுவதே தீது என்று நம்பிவிடுகிறோம்.

ஆனால் அவர்கள் ஆராய்ந்தவை பென்சில் தாள்கள். நம் தேர்வாணையத் தாளில் கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்க இயலாது. இரண்டு வட்டங்களை நிரப்பினால் அவ்விடை செல்லாது. ஆகவே மாற்றமெல்லாம் வட்டத்தை நிரப்புமுன்பே நிகழ வேண்டும்.

அவனுக்கு ஒரு வழி சொன்னேன். உறுதியாகத் தெரிந்தவற்றை உடனே நிரப்பிவிடு. ஐயமுள்ளவற்றை நிரப்பாமல் விட்டு, வினா எண்ணை மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கும் பக்கத்தில் குறித்துக்கொள். வினாத்தொகுப்பில் விடையைக் குறிப்பது விதிக்கு மாறானது. இறுதி அரை மணியில் அந்த எண்களுக்கு மட்டும் திரும்பு. வினாவைப் புதிதாய்ப் படி. “தவறாகப் படித்தேன்”, “இன்ன செய்தி நினைவுக்கு வந்தது” என்று ஒரு வாக்கியத்தில் காரணம் சொல்ல முடிந்தால் மாற்று. அச்சமோ, வட்டங்களின் வரிசையோதான் காரணமென்றால் முதல் விடையையே நிரப்பு.

“உறுதியென்று நிரப்பியது தவறாயிருந்தால்?” என்றான்.

“அதற்கு மருந்து அந்த மண்டபத்தில் இல்லையப்பா, நிரப்புமுன் வினாவை முழுதும் படிப்பதில் இருக்கிறது” என்றேன்.

இஷா தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. மறுநாள் தாளில் அவன் பதினொரு எண்களைக் குறித்திருந்தான். மாற்றியவை மூன்று; மூன்றின் அருகிலும் காரணம் எழுதியிருந்தான்.