சார்ட்டில் சிரித்த சூரியன்

அக்கா மகள் எட்டாம் வகுப்பு. பள்ளி அசெம்பிளியில் வானவில் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டுமாம். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு, போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு சார்ட் வேறு. ஏழு வண்ணத்தில் வானவில், அதன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கும் சூரியன்.

“சித்தி, படிக்கிறேன். தப்பு இருந்தா சொல்லுங்க.”

மழைத்துளிக்குள் நுழையும் ஒளி வளைகிறது, அது ஒளிவிலகல். சிவப்பு குறைவாகவும் ஊதா அதிகமாகவும் வளைவதால் நிறங்கள் பிரிகின்றன, அது நிறப்பிரிகை. எல்லாம் சரி. அடுத்த வரியில்தான் நிறுத்தினேன். “துளியின் பின்பக்கத்தில் முழு அக எதிரொளிப்பு நடந்து ஒளி திரும்புகிறது.”

நானும் பரீட்சையில் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த ‘முழு’ தவறு.

தண்ணீருக்குள்ளிருந்து காற்றை நோக்கி வரும் ஒளி, செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 48.6 டிகிரிக்கு மேல் சாய்ந்து மோதினால்தான் முழுவதும் திரும்பும். வானவில்லை உண்டாக்கும் கதிரோ சுமார் 40 டிகிரியில் மோதுகிறது. “வேற கதிர் அதிகமா சாய்ஞ்சு மோதலாமே?” என்றாள். காம்பஸை எடுத்து ஒரு வட்டம் போடச் சொன்னேன். கதிர் நுழையும் இடத்துக்கும் பின்பக்கம் மோதும் இடத்துக்கும் மையத்திலிருந்து கோடு இழுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள், “ரெண்டு பக்கமும் சமம்! அப்போ ரெண்டு கோணமும் சமம்” என்றாள். அவ்வளவுதான் விஷயம். எந்தக் கோணத்தில் வளைந்து உள்ளே வந்ததோ, அதே கோணத்தில்தான் பின்பக்கம் மோதும். உள்ளே வர முடிந்த கதிருக்கு வெளியே போகவும் வழி உண்டு. பின்பக்கம் மோதும் ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவில்தான் திரும்புகிறது, மீதி அப்படியே வெளியேறிவிடுகிறது.

“அந்த ஆறுலயா இவ்வளவும் தெரியுது?” என்று கேட்டுக்கொண்டே ‘முழு’வை அடித்தாள்.

அடுத்தது அந்தச் சூரியன். வாயால் சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று, மாலை நாலரைக்கு மொட்டை மாடிக்குப் போய்க் குழாயில் ஹோஸைச் செருகினேன். விரலால் வாயை அடைத்துப் பூவாளி மாதிரி அடித்தாள், சூரியனைப் பார்த்தபடி. வில் வரவில்லை, முகம்தான் நனைந்தது. திருப்பி நிறுத்தினேன். முதுகில் வெயில் பட்டதும் எதிரே வில் வந்துவிட்டது.

“உன் தலை நிழல் எங்கே விழுது? அங்கேயிருந்து கையை நீட்டி ரெண்டு சாண் அளந்து பார்.” நீட்டிய கையில் ஒரு சாண் ஏறக்குறைய 20 டிகிரி. இரண்டாவது சாணின் முடிவில் சிவப்பு நின்றது. ஒரு துளியிலிருந்து பல கோணங்களில் ஒளி திரும்பினாலும், 42 டிகிரிக்கு அருகில்தான் சிவப்பு நெருக்கியடித்து வருகிறது. ஊதாவுக்கு அது 40. அதனால்தான் மேலே இருக்கும் துளி நமக்குச் சிவப்பை அனுப்புகிறது, கீழே இருப்பது ஊதாவை.

சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால், வில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். சென்னையில் நவம்பர் நடுவில் காலை ஒன்பதரையிலிருந்து மதியம் இரண்டேகால் வரை எவ்வளவு மழை பெய்தாலும், எவ்வளவு வெயில் அடித்தாலும் வானத்தில் வானவில் கிடையாது. (மாடியில் ஹோஸ் பிடித்துக் கீழே பார்ப்பது வேறு கதை.) சாயங்காலம் என்றால் கிழக்கே, எங்கள் மாடியிலிருந்து சாந்தோம் பக்கம், கடலுக்கு மேலே தேட வேண்டும்.

“அப்போ என் சூரியன்?” சார்ட்டைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. இரண்டு நாள் வரைந்தது. நானும் கொஞ்சம் யோசித்தேன், விட்டுவிடலாமா என்று. அவளே கத்தரியை எடுத்தாள். சூரியனை வெட்டியெடுத்துச் சார்ட்டின் பின்பக்கம் ஒட்டினாள். ஓட்டை விழுந்த இடத்தில் ஒரு கறுத்த மேகம். கீழே, நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு சின்னப் பெண், அவள் நிழல்.

திங்கட்கிழமை பேசிவிட்டுப் போன் செய்தாள். பேச்சு முடிந்ததும் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “அக்கா, நானும் என் ஃபிரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னா ஒரே வானவில்லைத்தான் பார்ப்போமா?” என்று கேட்டானாம்.

“நீ என்ன சொன்னே?”

“இல்லடா, உன் கண்ணுக்கு வர்ற துளி வேற, அவன் கண்ணுக்கு வர்ற துளி வேற. அவனவனுக்கு அவனவன் தலை நிழல்தான் நடுவுலன்னு சொன்னேன், சித்தி. அவன் உடனே ஃபிரெண்டைப் பார்த்து, ‘என்னோடதுதான் பெருசு’ன்னுட்டான்.”