இரண்டு பிள்ளைகளின் ஊர்

ஏப்ரல் 26, 2025, சனி

நேபாள நிலநடுக்கம் நடந்து நேற்றோடு பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அடுத்த இதழில் அதற்காக நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். லேஅவுட் பார்க்கும் அண்ணன் காலையிலேயே வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "இதையே முதல் பக்கத்துல பெரிசா வச்சிரலாமா தம்பி?" என்று கேட்டார். ஒரு சின்னப் பையன் தங்கையை இறுக அணைத்துக்கொண்டிருக்கிறான். அவள் அவனோடு ஒண்டிக்கொண்டிருக்கிறாள். படத்தின் அடியில் வெள்ளைப் பட்டையில், 'நேபாள நிலநடுக்கத்தில் இரண்டு வயதுத் தங்கையைக் காக்கும் நான்கு வயது அண்ணன்' என்று இருக்கிறது.

யார் எடுத்த படம் என்று கேட்டேன். "குரூப்ல வந்ததுப்பா" என்றார். எடுத்தவர் பெயர் தெரியாமல் அச்சுக்கு அனுப்ப முடியாது என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதலில் கோப்பின் உள்விவரங்களைப் பார்த்தேன். கேமரா, படம் எடுக்கும்போதே தேதி, நேரம், சில சமயம் இடம் வரை கோப்புக்குள் எழுதி வைக்கும். இதில் எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவைச் சுருக்கி, அந்த விவரங்களையும் நீக்கிவிடும். டாகுமென்ட்டாக அனுப்பினால் மட்டுமே அவை தங்கும். ஆக, இந்தக் கோப்பிடம் கேட்டு ஒன்றும் தெரியப்போவதில்லை. இதன் பிரதிகள் வேறெங்கே கிடக்கின்றன என்றுதான் தேட வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீட்டில் உட்கார்ந்து ரிவர்ஸ் இமேஜ் சர்ச் ஆரம்பித்தேன். படத்தை அப்படியே கூகுள் லென்ஸில் போட்டதும் தமிழ் எழுத்துப் பட்டை உள்ள பகிர்வுப் படங்களாக வந்து குவிந்தன. பட்டையையும் படத்தின் பகுதியாகவே அது எடுத்துக்கொள்கிறது. பட்டையை வெட்டிவிட்டு, பிள்ளைகள் இருவர் மட்டும் தெரியும்படி மறுபடி போட்டேன். இப்போது வந்த பட்டியல் வேறு மாதிரி இருந்தது.

லென்ஸ் தருவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, 'இதைப் போலத் தெரிகிற' படங்கள். அதில் உலகத்தில் அண்ணன் தங்கை கட்டிக்கொண்டிருக்கும் எல்லாப் படமும் வரும். இன்னொன்று, இதே படம் உள்ள பக்கங்கள். Exact matches என்ற தலைப்பில் இருக்கும். தேடுகிறவருக்கு வேண்டியது இரண்டாவது. அங்கே போய் ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

ஒரே படத்துக்கு எத்தனை ஊர்! பெரும்பாலான பக்கங்கள் நேபாளம் என்கின்றன. சில பக்கங்கள் பர்மாவின் அநாதைகள் என்கின்றன. சிரியப் போரில் பெற்றோரை இழந்தவர்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். வியட்நாம் மொழிப் பக்கங்களும் நடுவே வருகின்றன. பொய்யான ஊர்களுக்குள்ளேயே முரண்பாடு இருப்பது தேடுகிறவருக்கு நல்ல தடயம். இனி ஊர்களை விட்டுவிட்டுத் தேதிகளைப் பிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

அலுவலகத்தில் TinEye-இல் போட்டேன். லென்ஸில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. முடிவுகளைப் பழமையின் வரிசையில் அடுக்கச் சொல்லலாம். பெரிய அளவு முதலில் வரும்படியும் கேட்கலாம்.

பக்கத்தில் நின்ற புதுப் பையன், "மேலே முதல்ல இருக்கிறதுதான் ஒரிஜினலா சார்?" என்று கேட்டான். இந்த வேலையில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். அங்கே தெரியும் தேதி, TinEye-இன் தேடுநிரல் அந்தப் படத்தை முதன்முதலில் கண்ட நாள். படம் இணையத்தில் ஏறிய நாள் அதற்கு மாதங்கள், ஆண்டுகள் முன்னதாகவும் இருக்கலாம். அதற்குள் மூல வலைப்பூ மூடப்பட்டிருக்கலாம். சிலர் மட்டும் பார்க்கும் ஃபேஸ்புக் பதிவுகளும் வாட்ஸ்அப் குழுக்களும் தேடுநிரலின் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே பட்டியலில் மிகப் பழையது சொல்வது ஒன்றே ஒன்று: 'இந்த நாளுக்குள் படம் இருந்தது.' பிறந்த நாளை அது சொல்லாது.

ஆனால் அந்த ஒரு வாக்கியமே பாதி வேலையை முடித்துவிடும். நிலநடுக்கம் 2015 ஏப்ரல் 25, நேபாள நேரப்படி முற்பகல் 11.56-க்கு நடந்தது. அதற்கு முந்தைய தேதியில் இந்தப் படம் ஒரே ஒரு பக்கத்தில் உறுதியாக இருந்தால் போதும், நேபாளக் கதை விழுந்துவிடும். படம் எங்கே பிறந்தது என்பது தனிக் கேள்வி. அதற்கு இன்னும் தூரம் போக வேண்டும். இரண்டையும் பையனுக்குப் பிரித்துச் சொன்னேன். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு மற்றதும் கிடைத்துவிட்டதாக எழுதுவதால்தான் திருத்தங்களிலேயே புதுப் பொய்கள் முளைக்கின்றன.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று முழுக்கத் தேதிகளைச் சோதித்தோம். கூகுள் முடிவில் ஒரு பக்கத்தின் அருகே பழைய ஆண்டு தெரிந்தாலே நம்பிவிடக் கூடாது. பழைய கட்டுரையின் ஓரத்தில் 'புதிய செய்திகள்' என்ற பெட்டி இருக்கும். அதில் நேற்றுப் போட்ட படமும் அந்தப் பழைய தேதியோடு சேர்ந்து மாட்டிக்கொள்ளும். பையன் ஆசையோடு காட்டிய ஒரு பக்கம் அப்படித்தான் இருந்தது. கட்டுரையைத் திறந்து கடைசி வரை போனோம். உள்ளே பிள்ளைகள் படம் இல்லை, ஓரப் பெட்டியில்தான் இருந்தது. அதைத் தள்ளிவிட்டோம்.

படம் கட்டுரைக்குள்ளேயே இருந்தால் அடுத்த சோதனை. படத்தின் மீது வலது கிளிக் செய்து தனி டேபில் திறந்து, முகவரியைப் படிக்க வேண்டும். வேர்ட்பிரஸ் தளங்கள் பொதுவாகப் படத்தை ஏற்றிய ஆண்டையும் மாதத்தையும் பெயராகக் கொண்ட அடைவில் வைக்கும்:

```
/wp-content/uploads/2013/06/
```

இப்படி இருந்தால் கோப்பு 2013 ஜூனில் ஏறியதாக எடுத்துக்கொள்ளலாம். பழைய பதிவைப் பிறகு திருத்திப் படம் சேர்ப்பவர்களும் இருப்பதால், அதே பக்கத்தை web.archive.org-இலும் பார்ப்பது என் வழக்கம். அந்தக் காப்பகம் அன்றைய தேதியில் பக்கத்தைச் சேமித்து, அதற்குள் உள்ள படமும் அதே காலத்தில் சேமிக்கப்பட்டிருந்தால், பிறகு யாரும் மாற்றியிருக்க முடியாது.

பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கை மாற மாறப் படம் ஓரங்களை இழக்கும். ஒருமுறை வெட்டிய ஓரம் திரும்ப வராது. எனவே எந்தப் பிரதியில் சுற்றுப்புறம் அதிகம் தெரிகிறதோ, அது மூலத்துக்கு நெருக்கமானது. அளவை மட்டும் நம்ப முடியாது, சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியவர்களும் உண்டு. இடம் வலமாகத் திருப்பிப் போட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்ட பிரதிகள் தேடலில் தப்பிவிடலாம் என்பதால், நம் கையில் உள்ளதையும் ஒருமுறை திருப்பித் தேடிவிடுவது நல்லது.

மாலைக்குள் முதல் கேள்வி தீர்ந்தது. நிலநடுக்கத்துக்கு முன்பே இந்தப் பிள்ளைகள் இணையத்தில் இருந்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 30, புதன்

இரண்டாம் கேள்வி. படம் எங்கே பிறந்தது? இனிப் படத்தை வைத்துத் தேடிப் பயனில்லை. சொற்களை வைத்துத் தேட வேண்டும். பழைய பக்கங்களில் எந்த மொழி அடிக்கடி வருகிறதோ, அந்த மொழியில். வியட்நாம் பக்கங்கள் சிலவற்றில் ஹா ஜியாங் என்ற மாகாணப் பெயரும், ஹ்மாங் என்ற மலைவாழ் மக்களின் பெயரும் வந்தன. அண்ணன் தங்கை என்பதற்கான வியட்நாம் சொல்லைச் சேர்த்து, தேதிக்கு வரம்பும் வைத்து இப்படித் தட்டினேன்:

```
"hai anh em" Hà Giang ảnh before:2015-04-25
```

வரம்பை எடுத்துவிட்டு, புகைப்படக்காரர் என்ற சொல்லைச் சேர்த்துத் தேடியபோது ஆளே கிடைத்துவிட்டார். வியட்நாம் புகைப்படக் கலைஞர் நா சோன் நுயென். நிலநடுக்கம் நடந்த சில நாட்களில், 2015 மே தொடக்கத்தில், பிபிசி அவரிடமே பேசிச் செய்தி போட்டிருக்கிறது.

அவர் சொல்வது இது. 2007 அக்டோபரில் ஹா ஜியாங் மாகாணத்தின் கான் டி என்ற ஊர் வழியாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு வீட்டின் முன்னால் இரண்டு ஹ்மாங் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் வயலில் வேலைக்குப் போயிருந்தார்கள். முன்பின் தெரியாத ஆள் வந்து நிற்பதைப் பார்த்து, இரண்டு வயது இருக்கக்கூடிய சின்னவள் அழுதாள். மூன்று வயது இருக்கக்கூடிய பையன் அவளை அணைத்துத் தேற்றினான். அந்த நொடியைத்தான் எடுத்திருக்கிறார். படத்தைத் தன் சொந்த வலைப்பூவில் போட்டார். பிறகு வியட்நாம் ஃபேஸ்புக்கில் அது கைவிடப்பட்ட அநாதைகள் படமாகச் சுற்றியது. அங்கிருந்து பர்மா, சிரியா, கடைசியில் நேபாளம். நேபாளத் தலைப்போடு நன்கொடை கேட்டும் பகிர்ந்திருக்கிறார்கள். தவறைச் சொல்லி உரிமை கோரிப் பார்த்தும் அவருக்குப் பெரிய பலன் இல்லை.

படித்துவிட்டு நெடுநேரம் அந்தப் பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அம்மா வயலிலிருந்து சாயங்காலம் திரும்பி வரப்போகிற ஒரு வீட்டுப் பிள்ளைகளை, ஊர் ஊராக அநாதையாக்கியிருக்கிறார்கள். உண்மையில் நடந்ததே போதுமான அழகுள்ளது. தானே குழந்தையாக இருப்பவன், தன்னைவிடச் சின்னவளின் பயத்தைப் போக்கப் பார்க்கிறான். அதற்கு ஒரு நிலநடுக்கத்தை ஒட்ட வேண்டிய தேவையே இல்லை.

மே 1, வியாழன்

விடுமுறை. சித்தி போன் செய்தபோது இதைச் சொன்னேன். "அந்தப் படத்த நானும் அனுப்பியிருக்கேன்டா, பார்த்ததும் அழுதுட்டேன்" என்றார். அழுகை நியாயமானதுதான் சித்தி, அந்தப் பையன் யாரையும் கலங்க வைப்பான் என்றேன். ஊரையும் ஆண்டையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன், வியட்நாம், 2007. உடனே குரூப்பில் எழுதினார்.

மே 2, வெள்ளி

ஆசிரியர் அறையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன்: நிலநடுக்கத்துக்கு முந்தைய பக்கங்கள், அவற்றின் காப்பகப் பதிவுகள், புகைப்படக் கலைஞரின் கூற்று. தேடுபொறி நம்மைக் கலைஞரின் பெயர்வரை கொண்டுவந்து விட்டது. எடுத்த இடத்தையும் மாதத்தையும் சொன்னவர் அவர்தான். இன்னும் உறுதி வேண்டுமானால் அதே இடத்தில் அடுத்தடுத்து எடுத்த மற்றப் படங்களையும், கேமராவிலிருந்து இறங்கிய மூலக் கோப்பையும் அவரிடம் கேட்கலாம். பகிர்ந்தவர் யாரிடமும் அவை இருக்காது.

ஆசிரியர் முடிவெடுத்தார். நேபாளப் பக்கங்களில் இந்தப் படம் வராது. அங்கே எடுத்தவர் பெயரும் ஊரும் நாளும் தெரிந்த செய்தி நிறுவனப் படத்தை விலை கொடுத்து வாங்கிப் போடுகிறோம். இந்தப் படத்தைப் பற்றித் தனிக் குறிப்பு எழுத வேண்டுமானால், நா சோன் நுயெனிடம் அனுமதி வாங்கிய பிறகுதான்.

குறிப்பை எழுதும்போது வாசகரிடம் கேட்க ஒன்று உண்டு. நெஞ்சைத் தொடும் ஒரு படம் வந்தால், எழுத்துப் பட்டையை வெட்டிவிட்டு ஒருமுறை தேடுங்கள். சொல்லப்படும் சம்பவத்துக்கு முந்தைய தேதியில் அதே படம் ஓரிடத்தில் உறுதியாக இருந்தால், அந்தச் செய்தி பொய். அதை அதற்கு மேல் அனுப்பாதீர்கள்.