ஸ்லீப்பர் பஸ்ஸில் எந்த பெர்த் எடுக்கலாம்?

சென்னையில் இருந்து நாகர்கோவிலுக்கு சுமார் 700 கிலோமீட்டர். டிக்கெட் போடும் முன் ஆபரேட்டருக்கு ஒரு போன் போட்டு, "ரெண்டு டிரைவர் வர்றாங்களா? எந்த ஊர்ல மாறுவாங்க?"னு கேளுங்க. பதில்ல ஊர் பேர் வரலைன்னா வேற பஸ் பாருங்க. விடியற்காலை 2 முதல் 5 மணி வரை உடம்பே தூக்கத்துக்கு இழுக்கும். டீ குடிச்சா மட்டும் அது போகாது.

பெர்த்? நடுவுல, கீழ் வரிசையில எடுங்க. மோதினால் பெரும்பாலும் முன்னும் பின்னும்தான் நசுங்கும். தீப்பிடித்தால் புகை மேல் பெர்த்தில்தான் முதலில் நிறையும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குறவங்க அப்படியே மயங்கிடுவாங்க.

டிரைவர் பக்கம் கால் நீட்டிப் படுங்க. சடன் பிரேக்கில் முதல்ல போய் இடிக்கிறது காலா இருக்கட்டும். கால் எலும்பு உடைஞ்சா ஆர்த்தோ வார்டில் பெரும்பாலும் சரி பண்ணிடலாம். கழுத்துத் தண்டுவடம் அறுந்தா எங்களால ஒட்ட வைக்க முடியாதுங்க.

ஏறினதும் எமர்ஜென்சி கதவு எத்தனை பெர்த் தள்ளினு கையால தொட்டு எண்ணுங்க. புகையில கண்ணு தெரியாது, குனிஞ்சு தடவித்தான் போகணும். கண்ணாடி உடைக்கிற சுத்தியல் இருக்கானும் பாருங்க (சில பஸ்ல மாட்டுற கொக்கி மட்டும்தான் இருக்கும்!). பக்கவாட்டுக் கண்ணாடியை நடுவுல அடிக்காம மூலையில அடிக்கணும். டிரைவர் முன்னால இருக்கிற பெரிய கண்ணாடியில நேரத்தை வீணாக்காதீங்க. அது லேமினேட்டட், விரிசல் விடுமே தவிர உதிராது.