ஸ்டொப் லைட் பத்தாட்டி முதலில் பெட்டரியைப் பாருங்க

எங்கட பக்கம் ஓடுற ஜப்பான் சின்னக் கார்களில் நின்ற இடத்தில் எஞ்சின் தானாக நிற்பதும், பிறேக்கில் இருந்து காலை எடுத்ததும் தானாக ஸ்டார்ட் ஆவதும் எல்லாருக்கும் தெரியும். 2012 செப்டெம்பரில் ஜப்பானில் வெளிவந்த வெகன் ஆர் மாதிரியில் முழுசாக நிற்கும் வரை கூட அது காத்திருக்காது, மணிக்கு 13 கிலோமீற்றருக்குக் கீழே வேகம் இறங்கினாலே எஞ்சினை நிறுத்திவிடும். எஞ்சின் நின்றிருக்கும்போது மீற்றரில் பச்சை லைட் பத்தும். சுவிட்சை அமர்த்தி அந்த வசதியை நிறுத்தினால் செம்மஞ்சள் லைட் பத்தும். பல மாதிரிகளில் அந்தச் செம்மஞ்சள் லைட் விட்டு விட்டு மினுங்கினால் சிஸ்டத்தில் பிழை என்று அர்த்தம்.

இன்றைக்கு எழுத வந்தது நாலாவது நிலையைப் பற்றி. செம்மஞ்சளும் இல்லை, மினுங்கலும் இல்லை, பச்சையும் பத்துவதில்லை. ரயில் கேட்டில் ஐந்து நிமிஷம் நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். என்ட காரில் இரண்டு மாதமாக இதுதான் நடந்தது. ஸ்டாஃப் ரூமில் கேட்டால், "கார் நல்லா ஓடுதுதானே சேர், அது இல்லாட்டி என்ன?" என்று சொல்லுவார்கள். கார் நல்லாத்தான் ஓடும். ஆனால் அந்த லைட் பத்தாமல் இருப்பதே ஒரு செய்தி.

எஞ்சினை நிறுத்த முதல் காரின் கம்ப்யூட்டர் சில விஷயங்களைப் பார்க்கும். எஞ்சின் போதிய அளவு சூடாகி இருக்கிறதா, சாரதியின் கதவு பூட்டி இருக்கிறதா, சீட் பெல்ட் போட்டிருக்கிறதா, ஏசி உள்ளே குளிராக்கி முடித்துவிட்டதா, பெட்டரியில் போதிய சக்தி இருக்கிறதா. ஒன்று சரியில்லை என்றாலும் எஞ்சினை நிறுத்தாது. வன்னி வெயிலில் பகல் ஒரு மணிக்கு ஏசியைக் கூட்டி வைத்தால் நிறுத்தாமல் ஓடுவது சாதாரணம். அதனால் சோதிப்பதென்றால் காலையில், பதினைந்து நிமிஷம் ஓடின பிறகு, ஏசியை நிறுத்திவிட்டுப் பாருங்க. அப்பவும் நிற்கவில்லை என்றால் முதல் சந்தேகம் பெட்டரியில்தான்.

ஏன் பெட்டரி? எஞ்சின் நின்றதும் ஓல்டனேற்றரும் நின்றுவிடும். ஏசி ஃபேன், லைட், ரேடியோ, கம்ப்யூட்டர் எல்லாம் பெட்டரியில் இருந்துதான் குடிக்கும். இவை சேர்ந்து 20 அம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். ஒரு நிமிஷம் நின்றால் ஒரு அம்பியர் மணியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். திரும்ப ஸ்டார்ட் ஆகும்போது ஸ்டார்ட்டர் ஒரு செக்கனுக்குள் நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த நேரத்தில் பெட்டரி தொய்ந்தால் ரோட்டின் நடுவில் கார் செத்து நிற்கும். அதைத் தவிர்க்கத்தான் கம்ப்யூட்டர், "திரும்ப ஸ்டார்ட் பண்ண முடியுமோ தெரியாது, நிறுத்தவே வேண்டாம்" என்று முன்கூட்டியே முடிவெடுக்கிறது. அதாவது வசதி பழுதாகவில்லை, உங்களைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு இது எப்படித் தெரியும்? பல கார்களில் பெட்டரியின் நெகட்டிவ் முனையில் சின்ன சென்சர் ஒன்று இருக்கும். உள்ளே போற, வெளியே வாற கரண்டையும் வோல்ட்டேஜையும் அது கணக்குப் பார்க்கும். அதனால் ஜம்ப் ஸ்டார்ட் பண்ணும்போது கறுப்பு வயரை நேராக அந்த முனையில் கொழுவாமல், எஞ்சினில் அல்லது பொடியில் உள்ள வெறும் இரும்பில் கொழுவ வேண்டும். முனையில் கொழுவினால் அந்தக் கரண்ட் சென்சர் ஊடாகப் போகாது, கணக்குப் பிழைத்துவிடும்.

பெட்டரி பலமிழந்தது என்று தெரிந்தால், சார்ஜ் குறைவா, பெட்டரியே கிழடா என்பதுதான் அடுத்த கேள்வி. என்ட காரில் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். சாதாரண மல்டிமீற்றர் ஒன்று போதும். இரவு முழுக்க நிற்கவிட்டு, காலையில் கதவு திறக்காமல், ஸ்டார்ட் பண்ணாமல் அளந்தேன். 12.3 வோல்ட். முழுசாகச் சார்ஜ் ஆன பெட்டரி 12.7 அளவில் காட்ட வேண்டும், 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான் இருக்கிறது. பிறகு மகன் சாவியைத் திருப்ப நான் மீற்றரைப் பார்த்தேன். முள் 9.2 வரைக்கும் விழுந்தது. எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட்டைப் போட்டு அளந்தேன், 14.1. ஆகவே ஓல்டனேற்றரில் குறையில்லை. இந்த வகைக் கார்கள் சார்ஜை வேண்டுமென்றே கூட்டிக் குறைக்கும். அதனால் லைட் போடாமல் அளந்து 13 காட்டினால் ஓல்டனேற்றர் பழுது என்று முடிவெடுக்க வேண்டாம்.

இங்கேயே பெட்டரி மாத்தச் சொல்லி இருக்கலாம். ஆனால் தினமும் பள்ளிக்கு நாலு கிலோமீற்றர்தான் ஓடுகிறேன், சார்ஜ் குறைந்திருக்கவும் கூடும். அதனால் ஒரு கராஜில் சார்ஜரில் ஓர் இரவு போடுவித்து, சில மணித்தியாலம் ஆறவிட்டு அளந்தேன். 12.6. நல்லது. ஆனால் ஸ்டார்ட் பண்ணும்போது திரும்பவும் 9.3. அங்கேதான் விடை வந்தது. சார்ஜ் நிரம்பி இருந்தும் பாரம் வந்ததும் தொய்கிறது என்றால் உள்ளே தடை கூடிவிட்டது, பெட்டரி முடிந்துவிட்டது. சார்ஜ் போட்டதும் 10க்கு மேல் நின்று, பச்சை லைட்டும் திரும்ப வந்திருந்தால் பெட்டரி தப்பியது, ஓட்டந்தான் போதாது என்று எடுத்திருப்பேன்.

குளிர் நாட்டில் பெட்டரி குளிரில் விழுகிறது என்பார்கள். இங்கே அதைத் தின்பது சூடு. சூடு கூடக் கூட உள்ளே இருக்கும் தட்டுகள் அரிக்கும் வேகம் கூடும். அரைவாசிச் சார்ஜில் நாட்கணக்கில் நிற்கும்போது ஈயத் தட்டில் சல்பேட் படிந்து கட்டியாகும், பிறகு சார்ஜ் ஏறாது. விடுமுறை முழுக்க வெயிலில் நிற்கும் ஆசிரியர் காருக்கு இரண்டுமே நடக்கும். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே கனக்கப் பேரின் கையில் இருப்பது வயதான கார்.

வாங்கும்போது ஒரு கவனம். இந்தக் கார்களுக்கு ஸ்டொப் ஸ்டார்ட்டுக்கென்று செய்த பெட்டரி வேண்டும். ஜப்பான் பெட்டரியில் எம் 42, என் 55 என்று எழுத்து முன்னுக்கு வரும். சாதாரணப் பெட்டரியில் 40 பி 19 என்று இலக்கம் முன்னுக்கு வரும். சாதாரணத்தைப் போட்டாலும் கார் ஸ்டார்ட் ஆகும், விலையும் குறைவு. ஆனால் நாளுக்குப் பல தடவை நின்று நின்று எழும்பும் வேலைக்கு அது செய்யப்படவில்லை, சீக்கிரம் விழும். சில மாதிரிகளில் பழைய பெட்டரியின் கணக்கைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும். புதுசைப் போட்டதும் ஸ்கேனரால் அதை அழித்தால்தான் வசதி திரும்பும். பெட்டரி பூட்டுகிறவரிடம் இதைக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்க.

முனைகளில் வெள்ளை, பச்சையாய்ப் பூத்திருந்தால் முதலில் சுடுதண்ணீர் ஊற்றித் துடைத்து இறுக்கிவிட்டு அளந்து பாருங்க. சில வேளை செலவு அதோடு முடிந்துவிடும்.