கண்ணாடிக்குள் என் கைலி

பூனா பக்கம் ஆகுர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டாம் மாடி வீடு. அதன் ஹாலில்தான் என் ஸ்டுடியோ. ஆன்லைனில் பொருள் விற்கும் சிறு கடைக்காரர்களுக்குப் படமும் எடுத்து, அதற்குக் கீழே வரும் விவரத்தையும் எழுதித் தருவது என் பிழைப்பு. பிரஷர் குக்கர், பெல்ட், பித்தளை விளக்கு எல்லாம் எடுத்திருக்கிறேன். என்னை மண்டியிட வைத்தது கூலிங் கிளாஸ்தான்.

கொண்டுவந்தவர் தென்காசிப் பக்கத்துக்காரர். சின்ச்வடில் கடை. துப்பாக்கி உலோக நிறத்தில் ஏவியேட்டர் ஃபிரேம், நீல மிரர் லென்ஸ். “சட்டுன்னு நாலு படம் அண்ணே, மத்தியானத்துக்குள்ள ஏத்திரலாம்” என்றார். நானும் மேஜையில் வெள்ளைத்தாள் விரித்து, இரண்டு எல்இடி விளக்கைப் போட்டு எடுத்தேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் லென்ஸில் சீலிங் ஃபேன், ஜன்னல் கம்பி, கொடியில் காயும் துண்டு, நடுவே கைலியோடு நான். அதுவும் இரண்டு லென்ஸிலும் இரண்டு நான்.

லென்ஸ் வெளிப்பக்கம் குவிந்த கண்ணாடி. குவிந்த கண்ணாடிக்கு ஊரையே சுருட்டி உள்ளே வைக்கிற குணம். யான் வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்பினி தம்பதி ஓவியத்தில், பின்சுவரில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடிக்குள் அறை முழுவதும், வாசலில் நிற்கும் இரண்டு பேர் உட்பட, அடங்கியிருக்கும். அவர் வேண்டுமென்று செய்தார். நான் வேண்டாமல் செய்துவிட்டேன்.

எவ்வளவு இடத்தை அந்த லென்ஸ் பார்க்கிறது என்று ஒருநாள் தாளில் கணக்குப் போட்டேன். ஏவியேட்டர் லென்ஸின் வளைவு பெரும்பாலும் ‘6 பேஸ்’. அதாவது சுமார் 88 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளத்தில் வெட்டிய துண்டு. லென்ஸ் அகலம் 58 மில்லிமீட்டர் என்றால் ஓரத்தில் அதன் முகம் 19 டிகிரி சாய்கிறது. பிரதிபலிப்பு அதைப்போல் இரட்டிப்பாகத் திரும்பும். ஆக நேர் எதிரே நிற்கும் கேமராவுக்கு, லென்ஸ் வழியாக இடமும் வலமும் 38 டிகிரி வரை எல்லாம் தெரியும். ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைப் பலகை வைத்து மறைக்க வேண்டுமானால் பலகை ஐந்தடிக்கு மேல் வேண்டும். அரை மீட்டருக்கு நெருக்கிவிட்டால் மூன்றடி போதும். முகத்தைச் சுற்றி வளைகிற ஸ்போர்ட்ஸ் மாடலில் ‘8 பேஸ்’ வரும். அதற்கு மூன்றடி காணாது.

தொழிற்பேட்டைப் பகுதி என்பதால் தெர்மாகோலுக்கு இங்கே பஞ்சமில்லை. பேக்கிங்கில் கழித்துப் போட்ட பலகைகளை வாங்கிவந்து, கண்ணாடியைச் சுற்றி ஒரு கூடாரம் கட்டினேன். முன்பக்கம் டிரேசிங் பேப்பர், அதில் கேமராவுக்கு ஓர் ஓட்டை. ஃபேன் போனது, துண்டு போனது, நானும் போனேன். ஆனால் லென்ஸ் ஒவ்வொன்றிலும் ஒரு கருப்புப் புள்ளி மிஞ்சியது. ஓட்டைதான் அது. 100 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டுக் கேமராவைப் பின்னுக்கு நகர்த்தினால் புள்ளி சிறுக்கும். பொருளை இருபது டிகிரிக்கு மேல் திருப்பி வைத்தால் புள்ளி ஓரத்துக்கு ஓடி, லென்ஸை விட்டே விழுந்துவிடும். நேர் படத்துக்கு மட்டும் அதை அப்புறம் கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்து படத்தைப் பார்த்தால் லென்ஸ் செத்துக் கிடந்தது. நீல பெயின்ட் அடித்த தகரம் மாதிரி.

அன்றுதான் புரிந்தது, மிரர் லென்ஸின் நிறம் அது எதைப் பிரதிபலிக்கிறதோ அதில்தான் இருக்கிறது. எதிரே வெள்ளை இருந்தால் நீலம் எழும். எதிரே கருப்பு இருந்தால் நீலம் அணைந்து, அடியிலுள்ள சாம்பல் நிறம் தெரியும். சாதாரண கருப்பு, பழுப்பு லென்ஸுக்கு நேர்மாறு. அங்கே எதிரே வெள்ளை வைத்தால் நிறம் வெளிறும், பின்னாலிருந்து வெளிச்சம் விட்டால்தான் நிறம் வரும். அதனால் மிரருக்கு மேல்பாதியில் வெள்ளை, கீழ்நோக்கி மெல்ல மங்கிக் கருப்பு என்று ஒரு வெளிச்சச் சரிவு வேண்டும். விளக்கை டிரேசிங் பேப்பரின் மேல்விளிம்பில் நெருக்கி வைத்து, கீழே கருப்பு சார்ட் பேப்பர் ஒன்றைச் செருகினேன். லென்ஸ் உருண்டது. சின்ன வயதில் பார்த்த எம்.ஜி.ஆர். கட்அவுட்டில், கருப்புக் கண்ணாடியில் ஓவியர் இழுத்துவிட்டிருந்த அந்த ஒற்றை வெள்ளைக் கீற்று ஞாபகம் வந்தது. அந்த ஓவியருக்குத் தெர்மாகோல் தேவைப்பட்டிருக்காது.

பிரதிபலிப்பைக் குறைக்கக் கேமராவில் போலரைசர் மாட்டலாமே என்பார்கள். மிரர் பூச்சில் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. அந்தக் கூலிங் கிளாஸே போலரைஸ்டு வகையாக இருந்து, வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால், வளையத்தைத் திருப்பத் திருப்ப லென்ஸ் கரிக்கட்டை ஆகிவிடும். நான் ஒரு தடவை அப்படி ஆறு படம் எடுத்துவிட்டு, லென்ஸ் கெட்டுப்போயிற்றோ என்று பதறியிருக்கிறேன்.

கடைக்காரருக்குக் கடல் வேண்டும் என்று வந்துவிட்டது. “லென்ஸுக்குள்ள பீச் தெரியணும் அண்ணே.” பூனாவில் கடலுக்கு எங்கே போவது? நாலடிக்கு மூன்றடி ஃபிளெக்ஸ் அடித்தோம். முதல் ஃபிளெக்ஸில் படகு, குடை, ஆள்கள், தென்னந்தோப்பு எல்லாம் இருந்தது. லென்ஸுக்குள் அது சுருங்கி, இரண்டாகப் பெருகி, ஈ மொய்த்த மாதிரி ஆனது. இரண்டாவதில் வானம், மணல், நடுவே ஒரே கோடு. ஓரத்தில் ஒரு தென்னைமரம். அவ்வளவுதான். தொடுவானக் கோடு இரண்டு லென்ஸிலும் ஒரே உயரத்தில் நிற்கும்படி கண்ணாடியை முட்டுக்கொடுத்து நிமிர்த்துவதற்குத்தான் அரைமணி நேரம் ஆனது. இன்னொன்றும் உண்டு. பிரதிபலிப்பின் உருவம் லென்ஸ் பரப்பில் விழுவதில்லை, சுமார் நாலு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி விழுகிறது. எஃப்16 வைத்தால் கடலும் கூர்மை, ஃபிரேமும் கூர்மை, கண் எதில் நிற்பது என்று தெரியாமல் திணறும். எஃப்8க்குத் திறந்தேன். ஃபிரேம் விளிம்பு கூராக நின்றது, கடல் கொஞ்சம் குழைந்தது. பொருளும் காட்சியும் சண்டை போடாமல் பிரிந்தன.

அப்புறம் எழுத்து. சப்ளையர் சீட்டில் ‘டைட்டானியம் ஃபினிஷ் பிரீமியம் ஷெல்’ என்று இருந்தது. கண்ணாடிக் கடை வழக்கில் ஷெல் என்றால் பிளாஸ்டிக் ஃபிரேம், சரியாகச் சொன்னால் அசிடேட். இதுவோ கம்பி ஃபிரேம். ஃபினிஷ் என்ற சொல் ஒன்றே மேலே பூசிய சாயத்தைத்தான் சொல்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்து வைத்தேன். ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. ஒட்டாவிட்டால் மட்டும் டைட்டானியம் ஆகிவிடாது, சில எவர்சில்வர் வகைகளும் ஒட்டாது. ஒட்டினால் பேச்சு முடிந்தது.

“டைட்டானியம்னு போட்டாத்தானே ஓடும்?” என்றார்.

“கையில எடுத்துப் பாக்குறவன் திருப்பி அனுப்புனா கூரியர் காசு யாருது தம்பி?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே பெட்டியிலிருந்த புள்ளிப்புள்ளி பழுப்பு ஃபிரேமை எடுத்து, “அப்ப இது?” என்றார். காதுக்கம்பி முனையைத் திருப்பிப் பார்த்தேன். அசிடேட் என்றால் பலகையிலிருந்து வெட்டியது, புள்ளி உள்ளே வரை ஓடும், கம்பிக்குள் உலோக ஊசி நிழலாடும். இதில் புள்ளி மேலோடு நின்றது, விளிம்பில் அச்சு இரண்டும் சேர்ந்த மயிரிழைக் கோடு. வார்ப்பு பிளாஸ்டிக். அப்படியே எழுதினேன்.

ஏவியேட்டருக்குக் கடைசியில் போனது இது: “ஃபிரேம்: உலோகம், துப்பாக்கி உலோக நிறப் பூச்சு, மினுமினுப்பு. காதுமுனை: கருப்பு பிளாஸ்டிக் உறை. லென்ஸ்: சாம்பல் நிறம், வெளிப்பக்கம் நீல மிரர் பூச்சு, போட்டுக்கொண்டால் காட்சி சாம்பல் சாயலில் தெரியும்.” கடைசிப் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். நீலமாகத் தெரியும் என்று நினைத்து வாங்குகிறவர்தான் முதலில் திருப்பி அனுப்புவார் என்றேன். விட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து போன். வாடிக்கையாளர் ஒருவர் கண்ணாடியைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். காரணம் என்று எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார்: “படத்தில் இருந்த தென்னைமரம் இதில் இல்லை.” அன்று மாலையே விவரத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தோம். லென்ஸில் தெரியும் கடற்கரை படப்பிடிப்புக்கு வைத்தது, கண்ணாடியில் அச்சிட்டதல்ல.